மாநாடு முடிந்த பிறகு எழுதும் கடிதம்: நினைவும் பதிலும்

வேளாண் மாநாடு ஒன்றின் இரண்டாம் நாள், காலை டீ இடைவேளை. பாசிப்பயறில் வண்டு விழுவதைப் பற்றி ஆராயும் மாணவி ஒருத்தி தன் போஸ்டருக்குப் பக்கத்தில் நிற்கிறாள். சணல் சாக்கில் வைத்த பயறையும் காற்றுப் புகாத பையில் வைத்த பயறையும் பதினைந்து நாளுக்கு ஒருமுறை எடுத்து எண்ணிய கணக்கு அந்தப் போஸ்டரில் இருக்கிறது. வெளிமாநில ஆய்வு நிலையம் ஒன்றில் வேலை பார்க்கும் மூத்த பூச்சியியலாளர், கையில் டீக் கோப்பையோடு வந்து நிற்கிறார். மற்ற எதையும் விட்டுவிட்டு, அட்டவணையின் முதல் வரியையே பார்க்கிறார்.

"முதல் நாளே சாக்குல புழு இருக்கே, எப்படி வந்துச்சு?"

"குடோன்ல ஏற்கெனவே வண்டு இருந்திருக்கும், சார்."

"இல்லம்மா. வயல்லயே காய் மேல முட்டை வெச்சுட்டு வந்திருக்கு. காயை எண்ணிட்டு அப்புறம் சாக்கை எண்ணு."

காயில் மாதிரி எடுக்க ஏதாவது முறை இருக்கிறதா என்று அவள் கேட்டாள். "எங்ககிட்ட ஒரு படிவம் இருக்கு. மெயில் போடு, அனுப்பறேன்" என்று சொல்லி விசிட்டிங் கார்டைக் கொடுத்துவிட்டு அவர் அடுத்த போஸ்டருக்கு நகர்ந்தார். மொத்தம் நான்கு நிமிடம்.

இது பல மாநாடுகளில் கண்டவற்றைச் சேர்த்துக் கட்டிய நிகழ்ச்சி. ஆனால் இதன் அடுத்த கட்டம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். அவள் ஊர் திரும்பி மெயில் போடுவாள். அவருக்கோ அந்த மூன்று நாளில் இப்படி நாற்பது பேர். "யார் இந்தப் பெண்?" என்று ஒரு கணம் யோசித்துவிட்டு அடுத்த கடிதத்துக்குப் போய்விடுவார். அந்த ஒரு கணத்தில் நினைவு எழ என்ன வேண்டும், எழுந்த பின் பதிலாக மாற என்ன வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கேள்வி. உளவியலில் நூற்று நாற்பது ஆண்டுகளாக நடந்த சோதனைகளும், மின்னஞ்சல் பழக்கம் பற்றி அண்மையில் நடந்த ஆய்வுகளும் இதற்கு ஓரளவு தெளிவான விடை தருகின்றன. நாம் வழக்கமாக எழுதும் கடிதம் அந்த விடைக்கு நேர் எதிராக இருக்கிறது.

சந்திப்புக்கே பலன் உண்டா?

நான்கு நிமிடப் பேச்சால் பெரிதாக என்ன நடந்துவிடும் என்ற ஐயத்தை முதலில் தீர்த்துக்கொள்வோம். 2012-இல் அமெரிக்க அரசியல் அறிவியல் சங்கத்தின் ஆண்டு மாநாடு நியூ ஆர்லியன்ஸ் நகரில் நடக்க இருந்தது. ஐசக் புயல் வந்ததால் கடைசி நேரத்தில் ரத்தானது. நிகழ்ச்சி நிரல் அச்சாகி, யார் யார் வருவார்கள் என்பதெல்லாம் முடிவாகிவிட்ட நிலையில் சந்திப்பு மட்டும் நடக்கவில்லை. பொருளியலாளர்கள் மூவர் இந்த விபத்தையே ஒரு சோதனையாக எடுத்துக்கொண்டு, மாநாடு நடந்த ஆண்டுகளோடு ஒப்பிட்டார்கள். மாநாடு நடந்தால் அதில் பங்கேற்ற இருவர் பின்னாளில் சேர்ந்து கட்டுரை எழுதும் வாய்ப்பு ஏறத்தாழ 16 விழுக்காடு கூடுகிறது என்பது 2018-இல் வெளியான அவர்களின் முடிவு.

ஹார்வர்டு மருத்துவப் பள்ளியில் நடந்த இன்னொரு சோதனையில், ஆய்வாளர்களைக் குலுக்கல் முறையில் அறைகளுக்குப் பிரித்து 90 நிமிடம் தங்கள் ஆய்வைப் பற்றிப் பேசவைத்தார்கள். ஒரே அறையில் இருந்த இருவர் சேர்ந்து நிதிக்கு விண்ணப்பிக்கும் வாய்ப்பு 75 விழுக்காடு உயர்ந்தது. ஆனால் இரண்டு எண்களையும் நிதானமாகப் படிக்க வேண்டும். முன்பின் தெரியாத இருவர் சேர்ந்து வேலை செய்யும் வாய்ப்பு அடிப்படையில் மிகச் சிறியது. அது கூடினாலும் சிறியதாகவே இருக்கும். பெரும்பாலான சந்திப்புகள் சந்திப்போடு முடிந்துவிடுகின்றன.

மறதி எப்படி வேலை செய்கிறது?

மறதியை முதன்முதலில் அளந்து பார்த்தவர் ஜெர்மானிய உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹவுஸ். பொருளற்ற அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு மறக்கிறது என்று கணக்கிட்டு 1885-இல் வெளியிட்டார். ஒரு முறை கற்றதை மறுபடி கற்கும்போது எவ்வளவு உழைப்பு மிச்சமாகிறது என்பது அவரது அளவுகோல். இருபது நிமிடம் கழித்து 58 விழுக்காடு மிஞ்சியது. ஒரு நாளில் அது 34 ஆனது. ஒரு மாதத்தில் 21. 2015-இல் ஆம்ஸ்டர்டாமில் இச்சோதனையைத் திரும்பச் செய்தபோதும் ஏறக்குறைய அதே வளைவுதான் கிடைத்தது.

இந்த எண்களைப் பேச்சுக்கு அப்படியே பொருத்தக் கூடாது. பொருளற்ற அசைகளைவிடப் பொருளுள்ள பேச்சு நன்றாகவே நினைவில் நிற்கும். இங்கே கவனிக்க வேண்டியது வளைவின் வடிவம். இழப்பில் பெரும்பகுதி முதல் சில மணி நேரத்திலேயே நடந்துவிடுகிறது. அதன் பிறகு சரிவு மெதுவாகிறது. அதாவது மாநாட்டுக்கு மறுநாள் எழுதுவதற்கும் நான்காம் நாள் எழுதுவதற்கும் அவருடைய நினைவில் பெரிய வேறுபாடு இராது. ஆனால் பேசி முடித்த கையோடு நாம் குறிப்பெடுப்பதற்கும் இரவு அறைக்குப் போய் எடுப்பதற்கும் வேறுபாடு மிகப் பெரிது. அவசரம் காட்ட வேண்டிய இடம் கடிதம் அல்ல, குறிப்பு.

மாநாட்டு மறதிக்கு இரண்டு தனிக் காரணங்களும் உண்டு. 1973-இல் மால்கம் பிரென்னர் ஒரு மேசையைச் சுற்றிப் பலரை உட்காரவைத்து, ஒவ்வொருவராகச் சொற்களைப் படிக்கச் சொன்னார். தங்கள் முறை வருவதற்குச் சற்று முன் மற்றவர் படித்த சொற்களைத்தான் அவர்கள் அதிகம் மறந்தார்கள். அடுத்து நாம் பேச வேண்டும் என்ற நினைப்பு, காதில் விழுவதை உள்ளே இறங்க விடுவதில்லை. வட்டமாக நின்று ஒவ்வொருவராகத் தம்மை அறிமுகம் செய்துகொள்ளும் இடத்தில் நம் பெயரும் ஊரும் யாருக்கும் நிற்காமல் போவதற்கு இதுவே காரணம்.

இரண்டாவது, பெயர் என்பதே வழுக்கும் பொருள். 1987-இல் பிரிட்டனில் நடந்த சோதனை ஒன்றில் அறியாத முகங்களைக் காட்டி, ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயரும் தொழிலும் சொன்னார்கள். 'பேக்கர்' என்ற ஒரே சொல்லைச் சிலருக்குப் பெயராகவும் சிலருக்கு ரொட்டி சுடுபவர் என்ற தொழிலாகவும் சொல்லிப் பார்த்தார்கள். சொல் ஒன்றாக இருந்தும் தொழில் நினைவில் நின்றது, பெயர் நழுவியது. நம் ஊர்க் கணக்கில் சொன்னால், மல்லிகா என்ற பெயர் மறந்துபோகும். மல்லிகைப்பூ வியாபாரம் செய்பவர் என்பது மறக்காது. தொழிலைச் சொன்னால் மணமும் சந்தையும் காட்சியும் கூடவே வருகின்றன. பெயரோடு அப்படி எதுவும் ஒட்டிக்கொண்டு வருவதில்லை. எனவே "நான்தான் இன்னார், உங்களைச் சந்தித்தேனே" என்று தொடங்கும் கடிதம், மிக எளிதில் மறக்கும் ஒன்றை வைத்துக் கதவைத் தட்டுகிறது.

நினைவை எழுப்பும் துப்பு

மறந்துவிட்டது என்று நாம் சொல்வதில் பாதி அழிந்தது அல்ல, எட்டாமல் கிடப்பது. எண்டெல் டல்விங்கும் ஸெனா பியர்ல்ஸ்டனும் 1966-இல் பள்ளி மாணவர்களுக்கு நீண்ட சொற்பட்டியல்களைக் கொடுத்தார்கள். பழங்கள், ஆயுதங்கள் என்று வகை பிரித்த பட்டியல் அது. வெறுமனே நினைவுகூரச் சொன்னபோது பல சொற்கள் வரவில்லை. வகையின் பெயரை மட்டும் துப்பாகக் கொடுத்ததும், இல்லாமல் போனதாகத் தோன்றிய சொற்கள் பல திரும்பி வந்தன. பிறகு 1973-இல் டல்விங்கும் டொனால்டு தாம்சனும் இதைக் கூர்மைப்படுத்தினார்கள்: எந்தத் துப்பும் வேலை செய்துவிடாது, நிகழ்ச்சி பதிவானபோது அதோடு சேர்ந்து பதிவான துப்புதான் அதை எழுப்பும்.

அப்படியானால் இடத்தைச் சொன்னால் போதாதா? "மாநாட்டில் சந்தித்தோமே" என்பதும் சேர்ந்து பதிவானதுதானே? இங்கேதான் இன்னொரு விதி குறுக்கே வருகிறது. ஓல்கா வாட்கின்ஸ், மைக்கேல் வாட்கின்ஸ் இருவரும் 1975-இல் காட்டியபடி, ஒரே துப்போடு பல நினைவுகள் கட்டப்பட்டிருந்தால் அது எதையும் சரியாக எழுப்பாது. ஆணி ஒன்று, சட்டை நாற்பது. அந்த மாநாட்டில் அவர் பார்த்த நாற்பது பேரும் "மாநாட்டில் சந்தித்தோம்" என்ற ஒரே ஆணியில் தொங்குகிறார்கள். "இரண்டாம் நாள் போஸ்டர் அரங்கில்" என்று குறுக்கினால் கொஞ்சம் தேவலாம். அப்போதும் பதினைந்து பேர்.

இடத்தின் வலிமையை நம்பியவர்கள் ஸ்காட்லாந்துக் கடலில் நடந்த ஒரு புகழ்பெற்ற சோதனையை எடுத்துக்காட்டுவார்கள். நீருக்கடியில் கற்ற சொற்கள் நீருக்கடியிலேயே நன்றாக நினைவுக்கு வருகின்றன என்று காடனும் பேட்லியும் 1975-இல் எழுதினார்கள். 2021-இல் அதை மறுபடி செய்தபோது அந்த விளைவு கிடைக்கவில்லை. இடத்தைக் குறிப்பிடுவதில் தவறில்லை. அதன் மேல் முழுப் பாரத்தையும் ஏற்றக் கூடாது.

பின் எதன் மேல் ஏற்றுவது? 1978-இல் நார்மன் ஸ்லமெக்காவும் பீட்டர் கிராஃபும் செய்த சோதனை இதற்கு விடை தருகிறது. சிலருக்குச் சொற்களைப் படிக்கக் கொடுத்தார்கள். சிலரிடம் துணைச்சொல் ஒன்றையும் விடையின் முதல் எழுத்தையும் கொடுத்துச் சொல்லைத் தாங்களே கண்டுபிடிக்கச் சொன்னார்கள். தானே உருவாக்கிய சொல், படித்த சொல்லைவிட நன்றாக நினைவில் நின்றது. பலமுறை உறுதிசெய்யப்பட்ட முடிவு இது.

இதைப் போஸ்டர் அரங்குக்குக் கொண்டுவந்தால் மாணவி செய்ய வேண்டியது தெளிவாகிறது. அவள் சொன்னது பூச்சியியலாளருக்குக் காதில் விழுந்த பேச்சு. "காயை எண்ணிட்டு அப்புறம் சாக்கை எண்ணு" என்பதோ அவர் வாயிலிருந்து பிறந்த வாக்கியம். அந்த மூன்று நாளில் அவர் வேறு யாரிடமும் அதைச் சொல்லியிருக்க வாய்ப்பில்லை. அவரே உருவாக்கியது, வேறு எதோடும் பிணையாதது, அந்தக் கணத்திலேயே பதிவானது என்ற மூன்று தகுதியும் அதற்கு இருக்கிறது. அந்த வாக்கியம் எழுந்தால், அதைக் கேட்டுக்கொண்டு எதிரே நின்ற பெண்ணும் கூடவே எழுவாள். நம்மை நினைவூட்ட முயல்வதைவிட, அவர் சொன்னதை அவருக்கு நினைவூட்டுவது பயன் தரும்.

கார்டின் பின்பக்கம்

அந்த வாக்கியம் நமக்கே மறந்துபோனால் பயனில்லை. எபிங்ஹவுஸின் வளைவு நமக்கும் பொருந்தும். ஆகவே ஆள் நகர்ந்ததும், அடுத்தவர் வருவதற்குள், விசிட்டிங் கார்டின் பின்பக்கத்தில் நான்கு விஷயங்களை எழுதிவிட வேண்டும். அவர் சொன்ன ஒரு வாக்கியம், அவர் சொன்ன வார்த்தையிலேயே. அவர் தருவதாகச் சொன்னது. நாம் தருவதாகச் சொன்னது. அவர் எப்போது ஊர் திரும்புகிறார் என்பது. பளபளப்பான அட்டையில் பேனா ஓடாது. அதற்குக் கைக்குறிப்பேடோ, கைப்பேசியில் அந்தக் கார்டைப் படமெடுத்து அதன் கீழே எழுதும் வரியோ போதும்.

வாக்கியத்தை அவர் சொன்ன சொல்லிலேயே எழுதுவது முக்கியம். "வயல்நிலைத் தாக்குதலை ஆராயுமாறு அறிவுறுத்தினார்" என்று நம் மொழிக்கு மாற்றிவிட்டால் துப்பின் முனை மழுங்கிவிடும். அதைவிட ஆபத்து, நம் கருத்தை அவர் சொன்னதாக எழுதிவிடுவது. சொல்லாததைச் சொன்னதாகக் கடிதத்தில் காணும் மனிதருக்கு நினைவு வராது, சந்தேகம்தான் வரும். உறுதியில்லாத வாக்கியத்தைவிட உறுதியாகத் தெரிந்த ஒரு சொல் மேல்.

அவர் தருவதாகச் சொன்னது உண்மையான வாக்கா, நாகரிகத்துக்குச் சொன்னதா என்பதையும் அங்கேயே குறித்துக்கொள்ளலாம். "பாக்கலாம்மா, டச்ல இரு" என்பது வாக்கு அல்ல, விடைபெறும் முறை. "படிவம் இருக்கு, மெயில் போடு, அனுப்பறேன்" என்பதில் பொருளுக்குப் பெயர் இருக்கிறது, செயலுக்கு வினைச்சொல் இருக்கிறது. இரண்டாவது வகைப் பேச்சை நேரிலேயே வாங்கிவிட வேண்டும் என்பதற்கு வலுவான காரணம் உண்டு. 2017-இல் மஹதி ரோகனிஸாத்தும் வனெஸா போன்ஸும் வெளியிட்ட ஆய்வில், அறியாதவர்களிடம் ஒரு சிறு வேலையை நேரிலும் மின்னஞ்சலிலும் கேட்கவைத்தார்கள். நேரில் கேட்டது 34 மடங்கு பலித்தது. கேட்டவர்களோ இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகவே பலிக்கும் என்று நினைத்திருந்தார்கள். எனவே கோரிக்கையை நேரில் வைத்து "சரி" வாங்குவது, மின்னஞ்சலில் அந்தச் "சரி"யை நினைவூட்டுவது என்பதே சரியான வேலைப் பங்கீடு. மாணவி போஸ்டர் அருகிலேயே "முறை இருக்கா, சார்?" என்று கேட்டது அவளை அறியாமல் செய்த நல்ல காரியம்.

எந்த நாளில் அனுப்புவது?

தெற்குக் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தினரும் யாஹூ ஆய்வகத்தினரும் சேர்ந்து 20 லட்சம் பேரின் 1,600 கோடி மின்னஞ்சல்களை ஆராய்ந்து 2015-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். வரும் பதில்களில் பத்தில் ஒன்பது ஒரு நாளுக்குள்ளேயே வந்துவிடுகின்றன. கடிதச் சுமை கூடக் கூட, மக்கள் பதில் எழுதும் விகிதம் குறைகிறது. எழுதும் பதிலும் சுருங்குகிறது. மிக அதிகமாகக் காணப்பட்ட பதிலின் நீளம் ஐந்து சொல்.

மாநாட்டிலிருந்து திரும்பும் மனிதருக்கு முதல் வேலைநாள்தான் சுமை மிகுந்த நாள். மூன்று நாள் சேர்ந்த கோப்பு, கையெழுத்து, விடுப்புக் கடிதம் எல்லாம் அன்று காத்திருக்கும். சனிக்கிழமை முடிந்த மாநாட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை இரவே எழுதினால், நம் கடிதம் திங்கள்கிழமைக் குவியலின் அடியில் போய்விடும். அவருடைய நினைவு இதற்குள் செங்குத்தான சரிவைத் தாண்டியிருக்கும் என்பதால் ஒரு நாள் பொறுப்பதில் இழப்பு அதிகம் இல்லை. செவ்வாய் அல்லது புதன்கிழமை காலை நல்ல நேரம். ஒரு வாரத்தைத் தாண்ட விடக் கூடாது. அதற்குக் காரணம் அவருடைய மறதி மட்டுமல்ல. இடையில் அவர் வேறு கூட்டங்களுக்குப் போய், வேறு பலரோடு பேசி, நம் ஆணியில் இன்னும் சட்டைகளைத் தொங்கவிட்டிருப்பார்.

வாட்ஸ்அப் பற்றியும் ஒரு சொல். நம் ஊரில் கார்டு கிடைத்ததும் வாட்ஸ்அப்பில் "வணக்கம் சார், நான் மாநாட்டில்..." என்று போடுவது வழக்கமாகிவிட்டது. அங்கே அவருக்குத் தெரிவது சேமிக்கப்படாத ஒரு எண்ணும், முருகன் படமோ ரோஜாப்பூவோ உள்ள வட்டமும்தான். முகம்கூடத் துப்பாக இல்லை. அவரே "வாட்ஸ்அப்ல அனுப்பு" என்று சொல்லியிருந்தால் ஒழிய, படிவமும் இணைப்பும் கேட்கும் வேலைக்கு மின்னஞ்சலே ஏற்றது. தேடினால் பிறகு கிடைக்கும்.

இரண்டு கடிதங்கள்

மாணவி முதலில் எழுதி, அனுப்பாமல் வைத்த கடிதம் இப்படி இருந்தது. மூலம் ஆங்கிலத்தில், இங்கே தமிழில்.

*பொருள்: மாநாட்டுச் சந்திப்பு தொடர்பாக*

*மதிப்பிற்குரிய ஐயா, அண்மையில் நடந்த மாநாட்டில் தங்களைச் சந்தித்ததில் பெருமகிழ்ச்சி அடைகிறேன். தங்களுடைய மேலான கருத்துகள் எனக்கு மிகவும் பயனுள்ளதாக இருந்தன. நான் முனைவர் பட்ட ஆய்வு மேற்கொண்டு வருகிறேன். என் ஆய்வுச் சுருக்கத்தையும் தன்விவரத்தையும் இணைத்துள்ளேன். தங்கள் மேலான வழிகாட்டுதலை எதிர்நோக்குகிறேன்.*

மரியாதையில் குறை இல்லை. ஆனால் இதை அந்த மாநாட்டுக்கு வந்த யாரும் யாருக்கும் அனுப்பலாம். துப்பு என்று இருப்பது மாநாடு ஒன்றுதான்; அது நாற்பது சட்டை தொங்கும் ஆணி. "மேலான கருத்துகள்" எவை என்று சொல்லவில்லை. கோரிக்கையும் அளவற்றது: வழிகாட்டுதல் என்றால் அவர் இணைப்பைத் திறந்து, படித்து, யோசித்து, பத்தி பத்தியாக எழுத வேண்டும். ஐந்து சொல்லில் பதில் எழுதும் உலகத்தில் இது "பிறகு பார்ப்போம்" என்று ஒதுக்கப்படும். அந்தப் பிறகு வராது.

செவ்வாய்க்கிழமை காலை அவள் அனுப்பியது இது.

*பொருள்: "காயை எண்ணிட்டு சாக்கை எண்ணு": பாசிப்பயறு வண்டு, காய் மாதிரிப் படிவம்*

*வணக்கம் சார். என் போஸ்டரின் முதல் வரியைப் பார்த்துவிட்டு, "முதல் நாளே சாக்குல புழு எப்படி வந்துச்சு" என்று கேட்டீர்கள். வயலிலேயே காய் மேல் முட்டை வைத்திருக்கும், காயை எண்ணு என்றீர்கள். காயில் மாதிரி எடுக்கும் படிவம் ஒன்று இருப்பதாகவும் மெயில் போட்டால் அனுப்புவதாகவும் சொன்னீர்கள். அதை அனுப்ப முடியுமா? எங்கள் பகுதியில் அடுத்த அறுவடை மூன்று வாரத்தில் வருகிறது. அதற்குள் கிடைத்தால் பயன்படுத்திக்கொள்வேன். போஸ்டரின் அருகே எடுத்த படம் கீழே.*

பொருள் வரியைப் பாருங்கள். கடிதத்தைத் திறக்கும் முன்பே அவர் தன் குரலைக் கேட்கிறார். முதல் மூன்று வாக்கியங்களும் அவர் கேட்டதும் சொன்னதும்; "நான்" என்று தொடங்கும் வாக்கியமே இல்லை. கோரிக்கை ஒன்று, அதுவும் அவர் ஏற்கெனவே ஒப்புக்கொண்டது. "இணைத்திருக்கிறேன்" என்று ஒரு சொல்லில் பதில் எழுதிவிடலாம். அறுவடைத் தேதி அவசரத்துக்கு ஒரு நேர்மையான காரணத்தைத் தருகிறது. "விரைவில் பதில் எதிர்பார்க்கிறேன்" என்று அதிகாரமாகச் சொல்லத் தேவை இல்லாமல் போகிறது. படத்தை இணைப்பாக அல்லாமல் கடிதத்துக்குள்ளேயே வைத்ததால், பெயர் செய்ய முடியாத வேலையை முகமும் போஸ்டரும் செய்கின்றன. தன்விவரம் இல்லை. கையெழுத்துக்குக் கீழே பெயரும் பல்கலைக்கழகமும் கைப்பேசி எண்ணும் மட்டும்.

பதில் வராதபோது

நல்ல கடிதத்துக்கும் பதில் வராமல் போகலாம். அவளுக்கும் வரவில்லை. இங்கே பெரும்பாலோர் செய்யும் தவறு, மௌனத்தை மறுப்பாக எடுத்துக்கொள்வது. 2008-இல் ஃபிரான்சிஸ் ஃபிளினும் வனெஸா லேக்கும் வெளியிட்ட ஆய்வில், உதவி கேட்கப் போனவர்கள் எத்தனை பேர் சம்மதிப்பார்கள் என்பதை உண்மைக்கு வெகுவாகக் குறைத்தே மதிப்பிட்டார்கள். 2018-இல் எரிக்கா பூத்பியும் கூட்டாளிகளும் காட்டியதும் இதற்கு அண்ணன் தம்பி போன்றது: முதல்முறை பேசிப் பிரிந்த இருவரில் ஒவ்வொருவரும், மற்றவருக்குத் தன்னை எவ்வளவு பிடித்தது என்பதைக் குறைவாகவே நினைக்கிறார்கள். "தொந்தரவா நெனச்சுக்குவாரோ" என்ற தயக்கம் பெரும்பாலும் நம் பக்கத்துக் கற்பனை.

பதில்களில் பத்தில் ஒன்பது ஒரு நாளில் வருகின்றன என்ற கணக்கின் மறுபக்கம் இதுதான்: இரண்டு நாளில் வராத பதில் தானாக வருவது அரிது. கடிதம் மேலிருந்து இறங்கிக் கண் மறைவாகப் போயிருக்கும். அதை மேலே கொண்டுவர இரண்டாம் கடிதம் வேண்டும். ஒரு வாரம் முதல் பத்து நாள் இடைவெளி விட்டு, அதே கடிதத் தொடரிலேயே பதிலாக அனுப்பினால் பழைய பொருள் வரியும் முதல் கடிதமும் கூடவே போகும். புதுக் கடிதமாகத் தொடங்கினால் துப்பு அத்தனையும் வீணாகும்.

இரண்டாம் கடிதத்தில் "என் மெயிலைப் பார்த்தீர்களா?" என்று மட்டும் கேட்பது ஒரு சிறு குற்றச்சாட்டு. அதற்குப் பதில் எழுத அவர் முதலில் மன்னிப்புக் கேட்க வேண்டும். மன்னிப்புக் கேட்க வேண்டிய கடிதத்தை யாரும் தள்ளித்தான் போடுவார்கள். அதனால் இரண்டாம் கடிதம் புதிதாக ஒன்றைக் கொண்டுபோக வேண்டும். அந்தப் புதிய ஒன்று அவர் சொன்னதிலிருந்தே முளைத்ததாக இருந்தால் மிக நல்லது. நினைவின் கணக்குப்படி அது அதே துப்பை இரண்டாம் முறை தொடுகிறது.

மாணவி எட்டாம் நாள் அதைத்தான் செய்தாள். படிவத்துக்குக் காத்திராமல், பல்கலைக்கழகத் தோட்டத்தில் முற்றிய பாசிப்பயறுக் காய் நூறு பறித்து, கைலென்ஸில் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். காயின் தோல் மேல் வெள்ளைப் புள்ளிபோல் ஒட்டியிருந்த முட்டைகள் ஏழு காய்களில் இருந்தன. கடிதம் சில வரிதான்:

*சார், நீங்கள் சொன்னபடி காயை எண்ணினேன். நூறில் ஏழு காயில் முட்டை. படம் கீழே. தோட்டத்தின் நடுவிலிருந்து மட்டும் பறித்தேன். அது சரியா என்று தெரியவில்லை. படிவம் கிடைத்தால் முறையாக எடுப்பேன்.*

பதில் அன்று மதியமே வந்தது. இணைப்பில் படிவம். கூடவே ஒரு வரி: "ஓரத்துச் செடியை விட்டுடாதே, அங்கதான் முதல்ல வரும்."

எல்லைகள்

இந்த வழிக்கும் எல்லை உண்டு. மேலே சொன்ன நினைவுச் சோதனைகள் பெரும்பாலும் ஆய்வகத்தில் சொற்பட்டியலை வைத்துச் செய்தவை. துப்பு எப்படி வேலை செய்கிறது என்பதை அவை காட்டுகின்றன. எத்தனை கடிதத்துக்குப் பதில் வரும் என்பதைக் காட்டுவதில்லை. மின்னஞ்சல் ஆய்வோ பொதுவான பழக்கத்தைச் சொல்வது. ஏற்கெனவே எழுதிக்கொண்டிருந்தவர்களின் பழக்கமும் அதில் அடங்கும். ஒருமுறை பார்த்தவருக்கு எழுதும் முதல் கடிதத்தின் பதில் விகிதம் அதைவிடக் குறைவாகவே இருக்கும்.

எழுப்ப நினைவே இல்லாத சந்திப்புகளும் உண்டு. வரிசையில் நின்று கார்டு மட்டும் வாங்கிய இடத்தில் அவர் எதையும் சொல்லவில்லை. திருப்பித் தர வாக்கியம் இல்லை. அங்கே பழகியவர்போல் எழுதுவது போலித்தனமாகும். "உங்கள் உரையைக் கேட்டேன், பேச வாய்ப்புக் கிடைக்கவில்லை" என்று அறிமுகமற்றவராகவே எழுதுவது நல்லது. அந்தக் கடிதத்துக்கும் துப்பு உண்டு. மேடையில் அவர் சொன்ன ஒரு வாக்கியம் அவர் உருவாக்கியதுதானே.

இரண்டு கடிதத்துக்கும் பதில் இல்லையென்றால் அங்கே நிறுத்திக்கொள்ளலாம். மூன்றாவது கடிதம் பெரும்பாலும் நினைவூட்டலாக இராது, நச்சரிப்பாகிவிடும். ஆனால் தொடர்பு அறுந்துவிட்டதாகக் கொள்ள வேண்டியதில்லை. 2011-இல் டேனியல் லெவினும் கூட்டாளிகளும் பல ஆண்டு பேச்சில்லாமல் கிடந்த தொடர்புகளை நிறுவன அதிகாரிகளைக் கொண்டு புதுப்பிக்கவைத்தபோது, அவற்றிலிருந்து கிடைத்த யோசனைகள், நாள்தோறும் பேசுபவர்களிடம் கிடைத்தவற்றுக்குக் குறையாமல் பயன்பட்டன. அவர்கள் ஒரு காலத்தில் பழகியவர்கள். நான்கு நிமிடப் பேச்சை அதற்கு ஈடாக வைக்க முடியாது. ஆனாலும் கார்டின் பின்பக்கத்தில் எழுதிய அந்த வாக்கியம் கெட்டுப்போவதில்லை. அடுத்த ஆண்டு இன்னொரு டீ இடைவேளையில் அவரைக் கண்டால், பெயரைச் சொல்வதற்கு முன் அதைச் சொல்லலாம்.